குளம் வற்றும் மாதத்திலிருந்து எண்ணுங்கள்

காரைக்கால் மாவட்டத்துப் போலகத்தின் குளத்தை நினைத்த மாதத்தில் தூர்வார முடியாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். டிசம்பர் வரை குளம் தளும்பும். ஜனவரியில் தண்ணீர் குறையத் தொடங்கினாலும், சம்பா அறுவடை முடியும்வரை டிப்பர் லாரி போக வழி இருக்காது. வண்டித் தடம் வயலுக்குள்தான் போகிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், சில நாட்களில் காவிரியின் கடைமடையான காரைக்காலுக்கும் தண்ணீர் வரத் தொடங்கும். இடையில் மிஞ்சுவது மார்ச், ஏப்ரல், மே. தூர்வார மானியம் கேட்டு எழுதும் எந்தப் பணித் திட்டமும் இந்த மூன்று மாதத்தைச் சுற்றித்தான் அமைய வேண்டும். ஆனால் நம் கைக்கு வரும் திட்டங்களில் பெரும்பாலானவை "முதல் மாதம், இரண்டாம் மாதம்" என்று அனுமதிக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணிக்கொண்டு போகின்றன. அப்படி எழுதிய திட்டத்தைக் காலாண்டு அட்டவணையாக மாற்றச் சொல்லி நிதி கொடுப்பவர் கேட்கும்போதுதான் சிக்கல் கண்ணில் படுகிறது. அந்த மாற்றத்தை எப்படிச் செய்வது என்று ஒரு திட்டத்தை வைத்தே பார்த்துவிடுவோம்.

இந்தப் பக்கத்தில் குளத்துக்கு நிதி வருவது புதிதில்லை. காலநிலை மாற்றத்துக்காக மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசியத் தகவமைப்பு நிதியில், புதுச்சேரிக்கென்று ஏற்கப்பட்ட திட்டமே 20 ஏரிகளையும் 32 ஊர்க்குளங்களையும் மீட்டெடுப்பதுதான். நபார்டு வங்கி அதன் தேசியச் செயலாக்க அமைப்பாக நியமிக்கப்பட்டது. 2019-இல் காரைக்கால் மாவட்ட நிர்வாகம் 'நம் நீர்' என்ற பெயரில் குளங்களைத் தூர்வாரியது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்தும் இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பணம் வருவதுண்டு. கொடுப்பவர் யாராக இருந்தாலும் கேட்பது ஒன்றுதான். நபார்டு செயலாக்க அமைப்பாக இருக்கும் உலகளாவிய தகவமைப்பு நிதியத்தின் விண்ணப்பப் படிவத்தில், பணம் விடுவிக்கும் அட்டவணையைக் காலக்கெடு உள்ள மைல்கற்களோடு தரச் சொல்லி ஒரு பகுதியே இருக்கிறது. அதாவது, என்ன செய்வீர்கள் என்பதோடு எந்தத் தேதியில் எது முடிந்திருக்கும், அதற்கு என்ன சான்று, அதைப் பார்த்து நாங்கள் எப்போது பணம் விட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போலகத்தில் ஒரு குளப் பாதுகாப்புக் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து குளம், 12 லட்சம் ரூபாய், பன்னிரண்டு மாதம். அனுமதிக் கடிதம் ஆகஸ்ட் 1 முதல் அடுத்த ஜூலை 31 வரை என்கிறது. குழுவின் செயலாளர் ஓர் இளைஞர். நம் எதிரே உட்கார்ந்திருக்கிறார். விண்ணப்பத்தோடு அவர் கொடுத்த பணித் திட்டம் இது: முதல் இரண்டு மாதம் கணக்கெடுப்பும் விழிப்புணர்வும். மூன்று முதல் ஐந்தாம் மாதம்வரை தூர்வாருதல். ஆறு, ஏழில் கரை பலப்படுத்துதல், மதகு பழுதுபார்த்தல். எட்டு, ஒன்பதில் கரையில் மரம் நடுதல். கடைசி மூன்று மாதம் பராமரிப்புக் குழு, அறிக்கை.

படிக்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லாத திட்டம்தான். ஆனால் ஆகஸ்டிலிருந்து எண்ணிப் பாருங்கள். மூன்று முதல் ஐந்தாம் மாதம் என்றால் அக்டோபர், நவம்பர், டிசம்பர். மழை கொட்டும் மூன்று மாதத்தில் தூர்வாரப் போகிறார். எட்டு, ஒன்பது என்றால் மார்ச், ஏப்ரல். மரக்கன்றை வெயிலுக்குள் நடப் போகிறார்.

"அண்ணே, விண்ணப்பம் எழுதறப்ப எந்த மாசத்துல அனுமதி வரும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறார் அவர்.

நியாயமான கேள்வி. அதனால்தான் விண்ணப்பத்தில் இருக்கும் பணித் திட்டம் வேறு, அனுமதிக்குப் பிறகு கொடுக்கும் அட்டவணை வேறு. இரண்டாவதைச் செய்யும்போது முதலாவதை அப்படியே கட்டங்களில் வெட்டி ஒட்டக் கூடாது.

முதல் வேலை, ஒவ்வொரு செயலையும் அது முடிந்த நிலையைச் சொல்லும் வாக்கியமாக மாற்றுவது. "தூர்வாருதல்" என்பது செயல். அது எப்போது முடிந்தது என்று அந்தச் சொல் சொல்லாது. "ஐந்து குளங்களிலும் ஒப்பந்தத்தில் குறித்த ஆழம்வரை மண் எடுக்கப்பட்டு, பின்மட்டம் அளக்கப்பட்டது" என்றால் முடிவு தெரிகிறது. இதுதான் மைல்கல். ஒரு தேதியில் நின்று ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிய வேண்டும். "விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது", "பணி நடைபெற்று வருகிறது", "60 விழுக்காடு நிறைவு" போன்றவற்றுக்கு ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். 60 விழுக்காடு என்பது குளத்தின் எண்ணிக்கையிலா, மண்ணின் அளவிலா, செலவான பணத்திலா என்று கேட்டால் மூன்றுக்கும் மூன்று பதில் வரும்.

ஒப்படைப்பு என்பது அந்த மைல்கல்லுக்குச் சான்றாகக் கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருள். டெலிவரபிள் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். குளம் தூர்வாரியது மைல்கல். முன்மட்டமும் பின்மட்டமும் பதிந்து, ஒப்பந்ததாரரும் குழுவும் சேர்ந்து கையெழுத்திட்ட அளவீட்டுத் தாள் ஒப்படைப்பு. நிதி தரும் அலுவலர் போலகத்துக்கு வந்து குளத்தைப் பார்க்காமல் போகலாம். பார்த்தாலும் அன்று குளத்தில் தண்ணீர் நிற்கலாம். தாள்தான் அவருக்குக் குளம். ஆகவே ஒவ்வொரு மைல்கல்லுக்கும் எதிரே, அதை நேரில் பார்க்காதவர் ஏற்றுக்கொள்ளும்படியான ஒரு தாளாவது இருக்க வேண்டும். மைல்கல்லே இல்லாமல் ஒப்படைப்பு மட்டும் வரிசையாக இருந்தால், அறிக்கை எழுதுவதற்காகவே ஒரு திட்டம் நடக்கிறது என்று பொருள்.

இரண்டாவது வேலை, எந்தக் காலாண்டு என்று முடிவு செய்வது. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆகஸ்ட் 1-இலிருந்து மூன்று மூன்று மாதமாக வெட்டினால் நான்கு காலாண்டு அழகாக வரும். ஆனால் அரசுப் பணமானாலும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பணமானாலும் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் ஓடுகிறது. மத்திய அரசு மானியமாக இருந்தால், 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் உள்ள 12-ஏ படிவத்தில் மார்ச் 31 வரையிலான பயன்பாட்டுச் சான்று, அதாவது யூசி, கொடுக்க வேண்டும். நம் அட்டவணை ஏப்ரல் 30-இல் ஒரு காலாண்டை முடித்தால், மார்ச் 31-க்கு ஒரு கணக்கும் ஏப்ரல் 30-க்கு ஒரு கணக்கும் என்று இரண்டு வைத்துக்கொள்ள வேண்டிவரும். அதனால் அனுமதிக் கடிதத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய நிதியாண்டுக் காலாண்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி எடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். பன்னிரண்டு மாத மானியம் ஐந்து காலாண்டுகளைத் தொடும். முதல் கட்டத்தில் ஆகஸ்ட், செப்டம்பர் என்று இரண்டே மாதம். கடைசிக் கட்டத்தில் ஜூலை மட்டும். இதைக் கவனிக்காமல் ஐந்து கட்டங்களுக்கும் வேலையைச் சமமாகப் பங்கு போட்டால் ஜூலை ஒரு மாதத்தின் தலையில் மூன்று மாத வேலை விழும்.

எக்செல் தாளில் செயல்களை வரிசையாக எழுதி, முடியும் தேதியை B பத்தியில் வைத்தால், நிதியாண்டுக் காலாண்டை இந்தச் சூத்திரம் தானே சொல்லிவிடும்:

```
=MOD(ROUNDUP(MONTH(B2)/3,0)-2,4)+1
```

ஏப்ரல் தேதிக்கு 1 வரும், ஜனவரித் தேதிக்கு 4 வரும். காலாண்டைக் கையால் எழுதாமல் தேதியிலிருந்து வரவழைத்தால், தேதியைத் தள்ளிப்போடும்போது காலாண்டும் கூடவே மாறும். அட்டவணையில் ஒன்றும் அறிக்கையில் வேறொன்றுமாக நிற்கும் குழப்பம் வராது.

மூன்றாவது வேலைதான் முக்கியம். நம்மால் நகர்த்த முடியாத தேதியை முதலில் தாளில் குறித்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நமக்கு அந்தத் தேதி காவிரித் தண்ணீர். வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் வழக்கம் எல்லா ஆண்டும் நடப்பதில்லை. 2024-இல் மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். 2022-இல் அணை முன்கூட்டியே நிரம்ப, மே 24-இலேயே திறந்துவிட்டார்கள். தாமதமானால் தூர்வாருபவருக்கு லாபம்; முன்கூட்டி வந்தால் பொக்லைன் சேற்றில் நிற்கும். ஆகவே ஜூன் 12-ஐ நம்பாமல், குளத்துக்குள் செய்யும் எல்லா வேலைக்கும் கடைசி நாள் மே 31 என்று வைப்போம். கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரச் சில நாட்கள் ஆகும் என்பதால் 2022 மாதிரி ஓர் ஆண்டிலும் இந்தத் தேதி ஏறக்குறைய தப்பித்துவிடும்.

இனி வேலையின் அளவு. பெரிய குளம் 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். சராசரியாக 60 சென்டிமீட்டர் வண்டல் எடுத்தால் 1,440 கன மீட்டர். ஆழத்தை ஆசைக்கு ஏற்ப நீட்டக் கூடாது. கடலோரத்தில் நிலத்தடியில் உப்புநீர் மேலே நிற்கும் இடங்கள் உண்டு. குளத்தின் அடியில் இருக்கும் களிமண் படுகையை உடைத்து இறங்கினால், தேக்கிய தண்ணீரும் கீழே போகும், உவரும் மேலே வரும். வண்டலை மட்டும் எடுப்பது என்று வைத்து, ஐந்து குளத்துக்கும் மொத்தம் 6,000 கன மீட்டர் என்று கொள்வோம். ஒரு பொக்லைனும் மூன்று டிப்பரும் வைத்து நாளுக்கு 250 கன மீட்டர் அள்ளலாம் என்று ஒப்பந்ததாரர் சொல்கிறார். கணக்கில் 24 நாள்.

"அப்ப ஒரே மாசத்துல முடிஞ்சிடும்ணே."

கணக்கில் முடியும். ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்கு வண்டி மாற வேண்டும். ஓரத்தில் ஈரம் காயாத மூலை இருக்கும். டிப்பர் ஒன்று பழுதாகும், திருவிழா வரும். ஒப்பந்ததாரருக்கு இதைவிடப் பெரிய வேலை கிடைத்து வண்டியை நான்கு நாள் அங்கே அனுப்புவார். ஆகவே 24 நாளை இரட்டிப்பாக்கி 48 வேலை நாள், அதாவது எட்டு வாரம் என்று வைப்போம். மார்ச் 10-இல் தொடங்கினால் மே 5. அதற்குப் பிறகு மே 31 வரை ஏறக்குறைய நான்கு வாரம் கரைக்கும் மதகுக்கும் இருக்கிறது.

இந்த உபரி நாட்களை எங்கே வைக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். திட்டத்தின் கடைசியில், ஜூலையில், "எதிர்பாராத தாமதத்துக்காக" என்று ஒரு மாதம் ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. ஜூலையில் குளத்தில் தண்ணீர் நிற்கும். அந்த மாதம் கையில் இருந்தும் தூர்வார உதவாது. உபரி நாள் எப்போதும் நகராத தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

மார்ச் 10-இல் வண்டி இறங்க வேண்டுமென்றால் அதற்குமுன் என்னென்ன முடிந்திருக்க வேண்டும்? குளம் யாருடையது என்பது தெரிந்து எழுத்தில் அனுமதி வந்திருக்க வேண்டும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனால் கொம்யூன் பஞ்சாயத்தில் ஆணையர்தான் கையெழுத்துப் போட வேண்டும்; போலகத்துக்கு அது திருமலைராயன்பட்டினம் கொம்யூன். கோயில் குளமாக இருந்தால் இந்து சமய நிறுவனங்கள் துறைக்குப் போக வேண்டும். மீன் குத்தகைக்கு விட்ட குளமாக இருந்தால், குத்தகைதாரர் எப்போது மீன் பிடித்து முடிப்பார் என்று எழுதி வாங்க வேண்டும். அவர் ஏப்ரல் கடைசி என்றால் அந்தக் குளத்தை வரிசையில் கடைசியாகப் போட வேண்டியதுதான். தேர்தல் ஆண்டாக இருந்தால் இன்னொன்றும் சேரும். புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கு 2021-இல் ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு நடந்தது. நடத்தை விதி அமலில் இருக்கும்போது, ஏற்கெனவே தொடங்கிய வேலை தொடரும். புதிய அரசு வேலைக்கு ஆணை கிடைக்காது. ஆகவே அனுமதியைப் பிப்ரவரியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாமல் செப்டம்பர் 30-க்குள் வாங்கிவிடுவது என்று எழுதுவோம்.

நான்காவது, பணம். அட்டவணையில் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் திட்டம் நின்றுபோவது இந்த இடத்தில்தான். 12 லட்சம் மூன்று தவணையாக வருகிறது: 30 விழுக்காடு, 50 விழுக்காடு, 20 விழுக்காடு. முதல் தவணை 3.6 லட்சம். தூர்வாரவும் கரை கட்டவும் மட்டும் 7 லட்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் தவணை கைக்கு வராமல் மார்ச்சில் வண்டி இறங்காது.

இரண்டாம் தவணைக்கு என்ன மைல்கல் வைப்பது? "இரண்டு குளங்கள் தூர்வாரப்பட்டன" என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நிதி கொடுப்பவருக்கும் அது பிடிக்கும், கண்ணால் பார்க்கக்கூடிய வேலை அல்லவா. ஆனால் மார்ச் கடைசிவரை எந்தக் குளமும் தூர்வாரப்பட்டிருக்காது. தூர்வாரப் பணம் வேண்டும், பணம் வரத் தூர்வாரியிருக்க வேண்டும் என்ற வட்டத்துக்குள் மாட்டிக்கொள்வோம். மார்ச் அறிக்கையை ஏப்ரலில் கொடுத்து, அவர்கள் பரிசீலித்துப் பணம் விடும்போது மே மாதம் பாதி போயிருக்கும்.

இதையும் பின்னோக்கி எண்ணுங்கள். அறிக்கை கிடைத்துப் பணம் விட நிதி கொடுப்பவர் 45 நாள் எடுப்பதாகக் கடிதத்தில் சொல்லியிருக்கிறார். பிப்ரவரி கடைசியில் பணம் வேண்டும். அப்படியானால் ஜனவரி 10-இல் அறிக்கை போயாக வேண்டும். அந்த அறிக்கை அக்டோபர்–டிசம்பர் காலாண்டுக்கானது. ஆகவே இரண்டாம் தவணைக்கான மைல்கல் டிசம்பர் 31-க்குள், மழைக்காலத்திலேயே செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தூர்வாரும் ஒப்பந்தம் கையெழுத்தாவதுதான் அதற்குப் பொருத்தம்.

"குளம் முழுக்கத் தண்ணி நிக்கறப்ப எவ்வளவு மண்ணுன்னு எப்படிண்ணே ஒப்பந்தம் போடறது?"

மொத்தத் தொகைக்கு ஒப்பந்தம் போட்டால் முடியாது. கன மீட்டருக்கு இவ்வளவு என்று விலை வைத்து ஒப்பந்தம் போடலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் கழி விட்டு ஆழம் பார்த்துத் தோராய அளவு ஒன்று எடுத்துக்கொள்வது. குளம் வற்றியபின் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் 5 வரை லெவல் கருவி வைத்து முன்மட்டம் எடுப்பது. வேலை முடிந்ததும் அதே புள்ளிகளில் பின்மட்டம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பணம். டிப்பர் நடை எண்ணிப் பணம் கொடுப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் பாதி ஏற்றிய டிப்பரும் ஒரு நடைதான். தணிக்கையில் அந்தக் கணக்கு நிற்காது.

மழைக்காலத்தில் குழு கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுமில்லை. குளம் நிரம்பி நிற்கும்போது மட்டும் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது, எந்த வாய் அடைத்திருக்கிறது, எந்த மட்டத்தில் வழிகிறது என்பதெல்லாம் நவம்பரில்தான் தெரியும். முழுநீர் மட்டத்தைப் படித்துறைக் கல்லிலோ நட்ட கல்லிலோ குறித்து வைத்தால், பிறகு கரையை எவ்வளவு உயர்த்துவது, மதகை எந்த மட்டத்தில் வைப்பது என்பதற்கு அதுதான் ஆதாரம். செயலாளரின் பழைய திட்டத்தில் முதல் இரண்டு மாதக் கணக்கெடுப்போடு இது முடிந்துபோயிருக்கும். ஆகஸ்டில் பார்த்தவர் இந்தத் தகவலைத் தவறவிட்டிருப்பார்.

இனி எல்லாவற்றையும் தாளில் வைப்போம்.

| காலாண்டு | மைல்கல், தேதி | ஒப்படைப்பு | பணம் |
|---|---|---|---|
| ஜூலை–செப்டம்பர் (ஆகஸ்ட் 1 முதல்) | ஐந்து குளத்துக்கும் எழுத்துமூலம் அனுமதி: செப்டம்பர் 30 | அனுமதிக் கடித நகல்கள், குளவாரியாகத் தோராய மண் அளவு | முதல் தவணை கையில் |
| அக்டோபர்–டிசம்பர் | கன மீட்டர் விலை ஒப்பந்தம்: டிசம்பர் 15. முழுநீர் மட்டம் குறித்தல்: டிசம்பர் 31 | ஒப்பந்த நகல், விலைப்புள்ளி ஒப்பீடு, மட்டப் பதிவு, படங்கள் | இரண்டாம் தவணைக்கான நிபந்தனை |
| ஜனவரி–மார்ச் | முன்மட்டம்: மார்ச் 5. முதல் குளம் முடிதல்: மார்ச் 31 | கூட்டுக் கையெழுத்திட்ட முன்மட்டப் பதிவேடு, முதல் குளத்தின் அளவீட்டுத் தாள் | இரண்டாம் தவணை பிப்ரவரி கடைசியில் |
| ஏப்ரல்–ஜூன் | மற்ற நான்கு குளம்: மே 5. கரையும் மதகும்: மே 31 | பின்மட்டப் பதிவேடு; எடுத்த மண் போன இடக் கணக்கு; மார்ச் 31 வரையிலான யூசி | பெரும்பகுதிச் செலவு |
| ஜூலை | பராமரிப்புக் குழுத் தீர்மானம்: ஜூலை 15. நாற்று தயார்: ஜூலை 31 | தீர்மான நகல், நாற்றுப் பட்டியல், இறுதி அறிக்கை | மூன்றாம் தவணைக்கான நிபந்தனை |

ஒரு கட்டத்தில் இரண்டு மைல்கல்லுக்கு மேல் இல்லை. கூட்டம் நடத்தியது, பேனர் வைத்தது, விலை கேட்டது எல்லாம் குழுவின் சொந்த வேலைப் பட்டியலில் இருக்கட்டும். அவற்றையும் மைல்கல்லாக எழுதினால், ஒரு பேனர் தாமதமானதற்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க நேரும். தூர்வாருவது தாமதமானது அந்த நெரிசலில் மறைந்துவிடும்.

கடைசி வரிசையில் 'நாற்று தயார்' என்று இருப்பதைப் பார்த்துச் செயலாளர் நிமிர்கிறார். மரம் நடுதல் எங்கே போயிற்று? அட்டவணை போட்ட பிறகே தெரிந்த உண்மை இது. கரை மே 31-இல்தான் முடிகிறது. அதற்குமுன் நட்டால் பொக்லைன் மிதித்துவிடும். அதற்குப்பின் ஜூன், ஜூலை வெயிலில் புது மண்ணில் நட்டால், குடம் தூக்கிக்கொண்டே இருந்தால்தான் கன்று பிழைக்கும். நடவுக்குச் சரியான மாதம் அக்டோபர். மானியம் ஜூலை 31-இல் முடிகிறது. அதாவது, இந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் இந்தச் செயலை ஒழுங்காகச் செய்ய இடமே இல்லை.

இதற்கு இரண்டு வழி உண்டு. கூடுதல் பணம் கேட்காமல் டிசம்பர் 31 வரை கால நீட்டிப்பு கேட்கலாம். அல்லது ஒப்படைப்பை மாற்றலாம்: 400 நாற்றுகளைப் பையில் வளர்த்துத் தயாராக வைப்பது, அக்டோபரில் நடுவோம், காப்போம் என்று பராமரிப்புக் குழு தீர்மானம் போடுவது. எதைக் கேட்டாலும் இந்த அட்டவணையைக் கொடுக்கும்போதே, காரணத்தை இரண்டு வரியில் எழுதிக் கேட்க வேண்டும். ஆகஸ்டில் கேட்டால் அது திட்டமிடல். அடுத்த ஜூனில் கேட்டால் தவறை மூடப் பார்க்கிறார்கள் என்று படும். எழுத்தில் ஒப்புதல் வராமல் எந்த ஒப்படைப்பையும் நாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. விண்ணப்பத்தில் 'மரம் நடுதல்' என்று இருக்கும்வரை, தணிக்கையாளர் தேடுவது கரையில் நிற்கும் மரத்தைத்தான்.

மூன்றாம் தவணையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இறுதி அறிக்கைக்குப் பிறகே 2.4 லட்சம் வரும். ஆனால் திட்டத்தின் செலவு ஜூலையோடு முடிந்துவிடும். அந்த இடைவெளியை யார் தாங்குவது? குழுவிடம் கைப்பணம் இல்லையென்றால், ஒப்பந்ததாரரின் தொகையில் ஒரு பகுதி கடைசித் தவணை வந்தபின் கொடுக்கப்படும் என்று டிசம்பர் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அட்டவணையில் பணத்துக்கென்று ஒரு பத்தி வைத்ததன் பயன் இதுதான். டிசம்பரில் எழுத வேண்டிய ஒரு நிபந்தனையை அடுத்த ஜூலையின் கட்டம் நமக்கு இப்போதே காட்டிவிடுகிறது.

அட்டவணை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, செலவுத் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக் காலாண்டு காலாண்டாக ஒப்பிடுங்கள். ஜனவரி–மார்ச்சில் ஒரு குளம்தான் முடியும் என்று அட்டவணை சொல்ல, அதே காலாண்டில் 5 லட்சம் செலவாகும் என்று பட்ஜெட் சொன்னால் இரண்டில் ஒன்று பொய். நிதி அலுவலர்கள் முதலில் கண்டுபிடிப்பது இதைத்தான். மார்ச் 31 யூசியில் பெரிய தொகை செலவாகாமல் நிற்கப் போகிறது என்றால், அதையும் முன்கூட்டியே அட்டவணைக்குக் கீழே குறிப்பாக எழுதிவிடுங்கள்: குளம் வற்றுவது மார்ச்சில், ஆகவே செலவின் பெரும்பகுதி ஏப்ரல்–ஜூனில். பிறகு யாரும் அதைக் குறையாக எழுத முடியாது.

இன்னொரு சோதனை, ஊரில் திட்டத்தோடு சம்பந்தமில்லாத ஒரு விவசாயியிடம் தேதிகளை மட்டும் படித்துக்காட்டுவது. மார்ச் 10-இல் கீழண்டைக் குளத்துக்கு டிப்பர் போகும் என்று படித்தால், அந்தத் தடத்தில் தாளடி அறுப்பு எப்போது முடியும் என்று அவர் அந்த நிமிடமே சொல்லிவிடுவார். குளங்களின் வரிசையை மாற்ற வேண்டியிருந்தால் அப்போதே மாற்றிக்கொள்ளலாம். மாற்றி முடித்ததும் தாளின் மேல் மூலையில் பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, நிதி கொடுப்பவருக்கு அனுப்பிய அதே பிரதியைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள். காலாண்டு முடியும்போது அந்தத் தாளை எடுத்து, ஒவ்வொரு மைல்கல்லுக்கும் எதிரே ஆம் அல்லது இல்லை என்று மட்டும் எழுதுங்கள். இல்லை என்று எழுதிய இடத்தில் புதுத் தேதியும் காரணமும். காலாண்டு அறிக்கையின் பாதி அதிலேயே எழுதியாகிவிட்டது.